அக்கா கடை ரீலுக்கு 38,000 வியூஸ், ஆனா ஆர்டர் பூஜ்யம்: பக்கத்துத் தெருக்காரங்க கண்ணுல பட எந்த ஹேஷ்டேக், எந்த லொகேஷன்?

வழக்கமா எஸ்ஐபி, இன்சூரன்ஸ், டேக்ஸ்னு பேசுவோம். இந்தத் தடவை கொஞ்சம் வேற விஷயம். நம்மள்ல நிறைய பேருக்கு ஊர்ல ஒரு கடை இருக்கும். அப்பாவோட மளிகைக் கடை, மனைவியோட கேக் பிசினஸ், அக்காவோட தையல் கடைன்னு ஏதாவது ஒண்ணு. நாம சென்னையிலயோ பெங்களூருலயோ வேலை பார்த்துக்கிட்டு, சம்பளத்துல ஒரு பங்கை அந்தக் கடைக்கு அனுப்பிக்கிட்டு இருப்போம். அந்தக் கடையோட இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துக்கிற வேலையும் பெரும்பாலும் நம்ம தலையிலதான் விழும். "நீதானே ஐடில இருக்க, உனக்குத் தெரியாதா?"

எனக்கும் அப்படித்தான் விழுந்துச்சு. அக்கா திருச்சி கே.கே.நகர்ல வீட்டோட முன் ரூம்ல ஆரி ஒர்க் பிளவுஸ் தைச்சுக் கொடுக்கிறாங்க. எனக்கு நேரமில்லைன்னு, பக்கத்தைப் பார்த்துக்க ஒருத்தருக்கு மாசம் 6,000 ரூபாய் கொடுத்தேன். மூணு மாசத்துல 18,000 போச்சு. அதுல ஒரு ரீல் 38,000 வியூஸ் தாண்டுச்சு. எனக்கு ஒரே சந்தோஷம், ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் காட்டினேன். அக்கா போன்ல சொன்னாங்க: "டேய், ஏழு பேர் கேட்டாங்கடா. ரெண்டு பேரு சேலம், ஒருத்தர் ஈரோடு, ஒருத்தங்க ஷார்ஜா. எல்லாரும் கொரியர்ல அனுப்புவீங்களான்னுதான் கேக்குறாங்க. அளவு எடுக்காம நான் எப்படிடா தைக்கிறது?"

அந்த ஏழு பேர்ல ஒருத்தர்கூட திருச்சி கிடையாது.

கணக்கைப் பாருங்க. அக்கா ஒரு ஆரி பிளவுஸுக்கு சராசரியா 3,000 வாங்குறாங்க. நூல், ஜர்தோசி, முத்து, லைனிங் துணின்னு 900 போயிடும். கையில நிக்கிறது 2,100. அந்த 6,000 ரூபாயை எடுக்கவே மாசம் மூணு புது ஆர்டர் அந்த வீடியோக்கள் மூலமா வரணும். வந்தது பூஜ்யம். ஆரி வேலைக்கு வர்ற வாடிக்கையாளர் அளவு கொடுக்க ஒரு தடவை, போட்டுப் பார்க்க ஒரு தடவைன்னு குறைஞ்சது ரெண்டு தடவை நேர்ல வரணும். அதனால அஞ்சாறு கிலோமீட்டருக்குள்ள இருக்கிற ஆயிரம் பேர் பார்த்தா போதும். ஷார்ஜாவுல பத்தாயிரம் பேர் பார்த்து என்ன பண்றது?

அந்த ரீலைத் திறந்து பார்த்தேன். கீழே 28 ஹேஷ்டேக். #viral, #trending, #reels, #explorepage, #tamil, #blouse, #fashion அப்படின்னு வரிசையா. லொகேஷன்ல "India". கேப்ஷன்ல எங்கேயும் திருச்சிங்கிற வார்த்தையே இல்ல. வீடியோவுலயும் இல்ல. அப்புறம் திருச்சிக்காரங்களுக்கு அது எப்படிப் போகும்?

ஹேஷ்டேக் என்ன செய்யும், என்ன செய்யாது

முதல்ல ஒரு தப்பான நம்பிக்கையைக் களைஞ்சிடுவோம். ஹேஷ்டேக் போட்டா வீடியோவை ஆப் தூக்கிவிடும்னு நினைக்கிறோம். அப்படி இல்ல. இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரியே இதைப் பல தடவை சொல்லியிருக்கார்: ஹேஷ்டேக்கால ரீச் பெருசா கூடாது. வீடியோ எதைப் பத்தினதுன்னு ஆப்புக்குப் புரியவைக்கவும், யாராவது தேடும்போது கிடைக்கவும்தான் அது உதவும். 30 ஹேஷ்டேக் வரைக்கும் அனுமதி இருந்த 2021-லயே, 3-லிருந்து 5 போதும்னு இன்ஸ்டாகிராம் தரப்புல சொல்லிட்டாங்க. முன்னாடி ஒரு ஹேஷ்டேக்கை ஃபாலோ பண்ற வசதி இருந்துச்சு. அதையும் 2024 டிசம்பர்ல எடுத்துட்டாங்க. அதனால "#trichy-யை ஃபாலோ பண்றவங்களுக்கெல்லாம் நம்ம வீடியோ போகும்"ங்கிற கணக்கு இப்போ செல்லாது.

அப்போ மிச்சம் இருக்கிறது தேடல். ஒரு பொண்ணு கே.கே.நகர்ல உக்காந்துக்கிட்டு, அடுத்த மாசம் தங்கச்சி கல்யாணம், பிளவுஸ் தைக்கணும்னு தேடல் பெட்டியில என்ன டைப் பண்ணுவாங்க? அந்த வார்த்தைதான் நமக்கு வேணும். யாரும் அங்க "viral"னு டைப் பண்ணப் போறதில்ல.

லொகேஷன் டேக் வேற வகை. ஒரு வீடியோவுக்கு ஒரே ஒரு இடம்தான் போட முடியும். அதைத் தொட்டா அந்த இடத்தோட பக்கம் திறக்கும், மேப்போட, அங்க எடுத்த மத்த பதிவுகளோட. 2022-லிருந்து ஆப்புக்குள்ளேயே மேப்ல தேடுற வசதியும் இருக்கு. அக்கா கடைக்கு நான் இப்படிப் பிரிச்சுக்கிட்டேன்: கடை எங்க இருக்குன்னு லொகேஷன் டேக் சொல்லட்டும். வாடிக்கையாளர் எங்கிருந்து வர்றாங்க, என்ன வார்த்தையில தேடுறாங்கங்கிறதை ஹேஷ்டேக் சொல்லட்டும். இந்த ரெண்டையும் குழப்பிக்கிறதுலதான் பாதித் தப்பு நடக்குது.

கே.கே.நகர் எத்தனை கே.கே.நகர்?

சரி, ஊர் பேரைப் போட்டுடலாம்னு #kknagar-னு டைப் பண்ணினேன். திறந்து பார்த்தா சென்னை கே.கே.நகர் பிரியாணிக் கடை, மதுரை கே.கே.நகர் ஜிம், நடுவுல எங்கேயோ திருச்சி. அண்ணா நகரும் இதே கதைதான். சென்னையிலயும் இருக்கு, மதுரையிலயும் இருக்கு, திருச்சியிலயும் இருக்கு. காந்தி நகர் இல்லாத ஊரே நம்ம பக்கம் கிடையாது. அதனால நகர் பேரைத் தனியா விடாம ஊர் பேரோட ஒட்டணும்: #kknagartrichy.

இன்னொரு சின்ன விஷயம், நிறைய பேர் கவனிக்கிறதில்ல. ஹேஷ்டேக்குக்குள்ள புள்ளி, இடைவெளி, ஹைபன் வரக்கூடாது. #k.k.nagar-னு போட்டா முதல் புள்ளியோட முடிஞ்சிடும். #k மட்டும்தான் லிங்க்கா மாறும், மிச்சம் வெறும் எழுத்து. தமிழ்ல ஹேஷ்டேக் போட்டாலும் போஸ்ட் பண்ணினதும் ஒரு தடவை பாருங்க, முழு வார்த்தையும் கலர் மாறியிருக்கணும். பாதியில நின்னா நடுவுல ஏதோ ஒரு குறி புகுந்திருக்கு.

ஊர் பேரோட ஸ்பெல்லிங்கும் ஒரு தலைவலி. திருச்சியை யாரும் #tiruchirappalli-னு முழுசா டைப் பண்ணித் தேட மாட்டாங்க, #trichy-தான். ஆனா லொகேஷன் லிஸ்ட்ல முழுப் பேர்தான் நிறைய வரும். தூத்துக்குடிக்காரங்கன்னா #thoothukudi, #tuticorin ரெண்டும் புழக்கத்துல இருக்கு. கோயம்புத்தூர்னா #coimbatore, #kovai. திருநெல்வேலின்னா #nellai-யும் சேர்த்துப் பாருங்க. எது சரியான ஸ்பெல்லிங்ங்கிறது இங்க பிரச்சினையே இல்ல. உங்க ஊர்க்காரங்க எதை டைப் பண்றாங்களோ அதுதான் வேணும்.

வார்த்தைகளை நான் எங்கிருந்து எடுத்தேன்

ஹேஷ்டேக் ஜெனரேட்டர்னு நிறைய வெப்சைட் இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு அக்காவோட பழைய வாடிக்கையாளர்கள்கிட்டயே கேட்டோம். ஒரு வாரம், துணி வாங்க வந்த பத்து பேர்கிட்ட அக்கா ரெண்டே கேள்வி கேட்டாங்க: "எந்த ஏரியால இருந்து வர்றீங்க?", "என்னைத் தெரியாதுன்னு வெச்சுக்கோங்க, போன்ல எப்படித் தேடுவீங்க?"

முதல் கேள்விக்கு வந்த பதில்: கே.கே.நகர், சுந்தர் நகர், காஜாமலை, எடமலைப்பட்டிபுதூர், சுப்ரமணியபுரம். ஒருத்தங்க மட்டும் காவிரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்துல இருந்து, அதுவும் சொந்தக்காரங்க சொல்லி வந்தவங்க. திருவெறும்பூர் பக்கமிருந்து ஒருத்தரும் இல்ல. அப்போ நம்ம வட்டம் திருச்சியோட தெற்குப் பக்கம்தான்னு தெளிவாச்சு. ஸ்ரீரங்கம், பெல் டவுன்ஷிப்னு ஊர் முழுக்க ஹேஷ்டேக் இறைக்க வேண்டியதில்ல.

ரெண்டாவது கேள்விக்கான பதில்தான் சுவாரசியம். "ஆரி ஒர்க் திருச்சி", "பிரைடல் பிளவுஸ் திருச்சி", "திருச்சி டெய்லர்", இப்படித்தான் வந்துச்சு. எல்லாத்தையும் இங்கிலீஷ் எழுத்துலதான் டைப் பண்ணுவோம்னாங்க. ஒருத்தர்கூட "காஜாமலை டெய்லர்"னு தேடுவேன்னு சொல்லல. காஜாமலையில இருக்கிறவங்களும் தேடுறப்போ திருச்சின்னுதான் டைப் பண்றாங்க. ஆரி ஒர்க் மாதிரி விசேஷமான வேலைக்கு ஊர் அளவுல தேடி, அப்புறம் "எங்க ஏரியாவுக்குப் பக்கமா இருக்கா"ன்னு பார்க்கிறாங்க. அதனால ஹேஷ்டேக்ல பொருளையும் ஊரையும் ஒட்டி வெச்சேன். ஏரியா பேரை லொகேஷனுக்கும், கேப்ஷனுக்கும், ஒரே ஒரு ஹேஷ்டேக்குக்கும் விட்டேன்.

அப்புறம் ஒவ்வொரு வார்த்தையையும் இன்ஸ்டாவுல தேடிப் பார்த்தேன். நான் பண்ணின சோதனை இதுதான்: ஹேஷ்டேக்கைத் திறந்து முதல்ல வர்ற ஒன்பது வீடியோவைப் பார்க்கணும். அதுல எத்தனை நம்ம மாதிரிக் கடை? எத்தனை உண்மையிலேயே நம்ம ஊர்? #blouse-ல ஒன்பதுல ஒண்ணுகூட திருச்சி இல்ல. #trichy-ல எல்லாமே திருச்சிதான், ஆனா மலைக்கோட்டை, சாப்பாட்டுக் கடை, பஸ் வீடியோன்னு கலந்து கிடந்துச்சு. பிளவுஸ் தேடுறவங்க அங்க வர மாட்டாங்க. #aariworktrichy-ல ஒன்பதுல பெரும்பாலும் திருச்சி ஆரி கடைகளும் ஆரி கிளாஸ்களும்தான். பதிவு எண்ணிக்கை குறைவுதான், அது பரவாயில்ல. இந்த மாதிரி ஒரு சின்ன இடத்துல நம்ம வீடியோ மேல வர வாய்ப்பு இருக்கு. லட்சக்கணக்குல பதிவு இருக்கிற இடத்துல போட்ட நிமிஷமே அடியில போயிடும்.

அதே சமயம் ஒரே ஒரு பதிவுகூட இல்லாத ஹேஷ்டேக்கை நாமளே கண்டுபிடிச்சுப் போடுறதும் வீண். #kknagartrichyaariblousedesigns-னு யாரு டைப் பண்ணப் போறா?

கடைசியா நின்னது அஞ்சு:

```
#aariworktrichy #bridalblousetrichy #trichytailor #kknagartrichy #திருச்சி
```

இதையே எல்லா வீடியோவுக்கும் காப்பி பேஸ்ட் பண்றதில்ல. முதல் ரெண்டும் வீடியோவைப் பொறுத்து மாறும். பட்டுப்பாவாடை சட்டை தைக்கிற வீடியோவுக்கு #bridalblousetrichy போட்டா, அதைத் தேடி வர்றவங்க ரெண்டு செகண்ட்ல தள்ளிட்டுப் போயிடுவாங்க. அப்படித் தள்ளிட்டுப் போறதையும் ஆப் கணக்குல எடுத்துக்கும்.

லொகேஷன் போடுறதுல நான் பண்ணின தப்பு

நான் சென்னையில இருந்து போஸ்ட் பண்றேன். "Add location"-ஐத் தொட்டதும் ஆப் என் போன் இருக்கிற இடத்தை வெச்சு லிஸ்ட் காட்டுது: வேளச்சேரி, தரமணி, பக்கத்துல இருக்கிற மால். அவசரத்துல "K K Nagar"-னு டைப் பண்ணி முதல்ல வந்ததைத் தொட்டுட்டேன். அது சென்னை கே.கே.நகர். ரெண்டு வாரம் கழிச்சு அக்காதான் பார்த்துச் சொன்னாங்க. ஒவ்வொரு பேருக்குக் கீழேயும் சின்ன எழுத்துல ஊர் பேர் இருக்கும். அதைப் படிக்காம தொடாதீங்க. நல்ல வேளை, ஏற்கெனவே போட்ட ரீலையும் எடிட்ல போய் லொகேஷன், கேப்ஷன் ரெண்டையும் மாத்திக்கலாம். வீடியோவை அழிச்சிட்டுத் திரும்பப் போட வேண்டியதில்ல.

எந்த அளவு லொகேஷன் போடணும்? மூணு வழி இருக்கு: ஊர், ஏரியா, கடையோட சொந்தப் பேர். ஊர் பேரைப் போட்டா அந்தப் பக்கத்துல ஊரே இருக்கும், நம்ம பிளவுஸ் அதுல ஒரு மூலை. கடையோட சொந்தப் பேர் லிஸ்ட்ல வரணும்னா, கடைக்கு முகவரியோட ஒரு ஃபேஸ்புக் பக்கம் இருக்கணும். மெயின் ரோட்டுல போர்டு வெச்ச கடைன்னா அதைக் கட்டாயம் பண்ணுங்க. வாடிக்கையாளர்கள் அவங்க ஸ்டோரியில உங்க கடையை டேக் பண்ணும்போது எல்லாம் ஒரே பக்கத்துல சேரும்.

ஆனா அக்கா விஷயத்துல நான் அதைப் பண்ணல. அவங்க கடை வீட்டு முன் ரூம். மாமா வெளியூர்ல வேலை, பகல்ல அக்காவும் ஒரு உதவியாளர் பொண்ணும்தான் வீட்டுல. வாசல் வரைக்கும் துல்லியமா முகவரியைக் காட்டி, கூடவே தினமும் வீடியோவும் போடுறது எனக்குச் சரியாப் படல. அதனால ஏரியா அளவோட நிறுத்திக்கிட்டோம்: K.K. Nagar, திருச்சி. கேப்ஷன்ல "கே.கே.நகர் பஸ் ஸ்டாண்ட் பக்கம்". யாராவது மெசேஜ் பண்ணி, போன்ல பேசி, நேரம் குறிச்சதுக்கு அப்புறம்தான் வாட்ஸ்அப்ல மேப் பின் போகும். இதனால ரெண்டு பேர் வராம போயிருக்கலாம், போகட்டும். வீட்டுல இருந்து பிசினஸ் பண்ற பெண்கள் உங்க குடும்பத்துல இருந்தா, இந்த முடிவை அவங்ககிட்ட கேட்டுட்டு எடுங்க. நீங்களா உக்காந்து டேக் பண்ணிடாதீங்க.

சிலர் கூட்டம் இருக்கிற இடத்தோட பேரைப் போடுவாங்க. கடை கே.கே.நகர்ல, லொகேஷன் மலைக்கோட்டை. மலைக்கோட்டைப் பக்கத்தைத் திறக்கிறவங்க கோயிலையும் படியையும் பார்க்க வந்தவங்க. அங்க ஆரி பிளவுஸ் வந்தா தள்ளிட்டுப் போயிடுவாங்க. நம்பி கிளம்பி வர்ற ஒருத்தர், கடை அங்க இல்லைன்னு தெரிஞ்சா திட்டிட்டும் போவாங்க.

டேக் மட்டும் போதாது

ஊர் பேர் வீடியோவுக்கு உள்ளயும் இருக்கணும். அக்கா இப்போ ஒவ்வொரு ரீலையும் "திருச்சி கே.கே.நகர்ல இருந்து..."ன்னு ஆரம்பிக்கிறாங்க. முதல் மூணு செகண்ட் திரையிலயும் அதே எழுத்து. இதுல ரெண்டு லாபம். திருச்சிக்காரங்க விரல் நிக்கும், "அட, நம்ம ஏரியா". சேலத்துக்காரங்க தள்ளிட்டுப் போவாங்க. வியூஸ் குறையுமேன்னு கவலைப்படாதீங்க, அவங்க எப்படியும் அளவு கொடுக்க வரப் போறதில்ல.

கேப்ஷனோட முதல் வரி: "திருச்சி கே.கே.நகர், ஆரி ஒர்க் பிரைடல் பிளவுஸ், அளவு கொடுத்து 12 நாள்ல ரெடி." கவிதை எல்லாம் வேண்டாம். தேடல் பெட்டி ஹேஷ்டேக்கை மட்டும் பார்க்கிறதில்ல, கேப்ஷன் வார்த்தைகளையும் பார்க்குது. அதனால இந்த முதல் வரி அஞ்சு ஹேஷ்டேக்கைவிட முக்கியம்னுகூட நான் சொல்வேன். அக்கவுன்ட் பப்ளிக்கா இருக்கான்னும் ஒரு தடவை பாருங்க. பிரைவேட் அக்கவுன்ட்ல என்ன டேக் போட்டாலும் ஃபாலோயர் தவிர யாருக்கும் தெரியாது. சொந்தக்காரங்க தொல்லைக்காக பிரைவேட்ல வெச்சிருந்த கடைப் பக்கங்களை நானே பார்த்திருக்கேன்.

இன்னொண்ணு: உங்க ஆபீஸ் நண்பர்கள் 200 பேரை கடைப் பக்கத்தை ஃபாலோ பண்ணச் சொல்லாதீங்க. நானும் சொன்னேன். அவங்க எல்லாம் சென்னையில இருக்கிற ஐடி பசங்க. பிளவுஸ் வீடியோ வந்தா பார்க்காம தள்ளுவாங்க. கடையோட இன்சைட்ஸ்ல நகரங்கள் பட்டியலைத் திறந்தா சென்னை முதல்ல நின்னதுக்கு நான்தான் காரணம்.

அதே வீடியோவை யூடியூப் ஷார்ட்ஸ்லயும் போடுறோம். அங்க தலைப்புதான் எல்லாம். "திருச்சி ஆரி ஒர்க் பிளவுஸ் | Aari work blouse Trichy KK Nagar"னு ரெண்டு எழுத்துலயும் வைக்கிறோம். ஹேஷ்டேக் மூணு போதும். லொகேஷன், ஸ்டுடியோவுல வீடியோ விவரங்களுக்குக் கீழ "Show more"-ஐத் தொட்டா வரும். யூடியூப்ல எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம், மக்கள் என்ன வார்த்தை தேடி நம்ம வீடியோவுக்கு வந்தாங்கன்னு ஸ்டுடியோவோட அனலிடிக்ஸ்ல காட்டும். அந்த வார்த்தைகளை எடுத்து இன்ஸ்டா கேப்ஷன்ல வெச்சுக்கலாம். "trichy aari class"னு நிறைய பேர் தேடி வந்ததைப் பார்த்துட்டு, அக்கா இப்போ கிளாஸ் எடுக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்காங்க.

வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்?

மாத்தினதுக்கு அப்புறம் போட்ட முதல் ரீலுக்கு 2,300 வியூஸ். எனக்கு முகமே வாடிப் போச்சு. ஆனா மெசேஜ் ஒன்பது வந்துச்சு, அதுல ஏழு திருச்சி. மூணு பேர் அளவு கொடுக்க வந்தாங்க. 38,000-க்கு பூஜ்யம், 2,300-க்கு மூணு.

இதை வெச்சு "ஹேஷ்டேக்தான் காரணம்"னு முடிவு கட்டிடாதீங்க. பழைய ரீல் ஆடியில போட்டது, புதுசு ஆவணி பொறந்ததும். முகூர்த்த மாசம் வந்ததாலதான் மூணு பேர் வந்தாங்களோன்னு நான் கேட்டேன். அக்கா சிரிச்சாங்க. "ஆடியில கல்யாணம் இல்லடா, ஆனா ஆவணிக் கல்யாணத்துக்கு ஆடியிலதானே தைக்கக் கொடுப்பாங்க." அதாவது சீசன் பழைய ரீலுக்குத்தான் சாதகமா இருந்திருக்கு. இருந்தாலும் ஒரு வீடியோவை வெச்சு முடிவு பண்ண வேண்டாம்னு அடுத்த நாலு வாரம், வாரத்துக்கு ரெண்டுன்னு எட்டு ரீல் போட்டோம். ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி நீளம். பக்கத்தைப் பார்த்துக்க வெளி ஆளுக்குக் கொடுத்த 6,000-ஐ நிறுத்தியாச்சு.

கணக்கு எடுக்க ரெண்டு சாதனம். ஒண்ணு, அளவு எழுதுற நோட்டு. அதுல கடைசியில ரெண்டு கட்டம் சேர்த்தாங்க: ஏரியா, எங்க பார்த்து வந்தாங்க. இன்னொண்ணு வாட்ஸ்அப் லிங்க். இன்ஸ்டா பயோவுல ஒரு லிங்க், யூடியூப் சேனல் பக்கத்துல இன்னொண்ணு. தொட்டதும் டைப் பண்ணி வெச்ச மெசேஜோட வாட்ஸ்அப் திறக்கும். எந்த மெசேஜ் வருதோ, அவங்க அங்கிருந்து வந்தவங்க:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Insta-aari
https://wa.me/91XXXXXXXXXX?text=YT-aari
```

எக்ஸ் இருக்கிற இடத்துல கடை நம்பர். கேப்ஷன்ல இந்த லிங்க்கைப் போட்டா இன்ஸ்டாவுல தொட முடியாது, பயோவுல போட்டா வேலை செய்யும். அதனால கேப்ஷன்ல "பயோ லிங்க்ல மெசேஜ் பண்ணுங்க"ன்னு ஒரு வரி.

அந்த எட்டு ரீல்ல நோட்டு சொன்னது: இன்ஸ்டாவுல பார்த்துட்டு வந்து அளவு கொடுத்தவங்க அஞ்சு பேர், யூடியூப்ல இருந்து ஒருத்தர். அஞ்சு பேர்ல நாலு பேர் தெற்குப் பக்கம், ஒருத்தர் தில்லை நகர். ஆறு ஆர்டர், ஆர்டருக்கு 2,100-ன்னா 12,600. இதுல உதவியாளர் கூலி போகணும், அக்காவோட கண் வலிக்கு நான் கணக்கு போடல. ஒரு மாச நோட்டை வெச்சு பெருசா மார்தட்ட முடியாது. ஆனா மாசம் 6,000 கொடுத்துப் பூஜ்யம் வந்ததோட ஒப்பிட்டா வித்தியாசம் தெரியுது.

இன்சைட்ஸ்லயும் பார்த்துக்கோங்க. நகரங்கள் பட்டியல்ல உங்க ஊர் மேல ஏறுதா? ஃபாலோயர் அல்லாதவங்க எத்தனை பேர் பார்த்தாங்க? நாலு வாரம் கழிச்சும் உங்க ஊர் பட்டியல்லயே வரலைன்னா, டேக்கை மாத்தி மாத்திப் போடுறதை நிறுத்திட்டு வீடியோவோட முதல் மூணு செகண்டைப் பாருங்க.

பூஸ்ட் பண்ணலாமான்னு கேப்பீங்க. பூஸ்ட்ல கடையைச் சுத்தி எத்தனை கிலோமீட்டர்னு வட்டம் போடலாம், அது நல்ல வசதி. 18% ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கணக்கு போடுங்க. ஆனா காசு கொடுக்காம ஒரு தடவையாவது ஆர்டர் கொண்டுவந்த ரீலை மட்டும் பூஸ்ட் பண்ணுங்க. அக்கா கணக்குல 2,000 ரூபாய் செலவு பண்ணினா ஒரு ஆர்டரோட லாபம் அங்கேயே போயிடும்.

எல்லாக் கடைக்கும் இது ஒரே மாதிரி உதவாது. ஆரி பிளவுஸ், கேக், மெஹந்தி, போட்டோ ஸ்டுடியோ, டியூஷன் மாதிரி ஆள் யோசிச்சு, தேடி, ஒப்பிட்டுப் போற தொழிலுக்குத்தான் தேடல் வார்த்தை வேலை செய்யும். டீக்கடையை யாரும் ஹேஷ்டேக்ல தேட மாட்டாங்க. மளிகைக் கடைக்கும் அப்படித்தான். அங்க கூகுள் மேப்ஸ்ல கடையைச் சரியாப் பதிஞ்சு, நேரம், போன் நம்பர், நாலு போட்டோ போடுறது ரீலைவிட அதிகமா உதவும். அந்தப் பதிவு இலவசம்தான்.

போன வாரம் அக்கா போன் பண்ணினாங்க. நோட்டுல ஏரியாக் கட்டத்துல "எடமலைப்பட்டிபுதூர்" தொடர்ந்து மூணு தடவை வந்திருக்காம். "அந்தப் பேரையும் ஒரு ஹேஷ்டேக்கா போடலாமாடா?"ன்னு கேட்டாங்க. தேடிப் பார்த்தேன், நாலு விதமா ஸ்பெல்லிங் இருக்கு, எதுலயும் பெருசா ஆள் இல்ல. கேப்ஷன்ல மட்டும் "எடமலைப்பட்டிபுதூர்ல இருந்து வர்றவங்களுக்கு 10 நிமிஷம்தான்"னு ஒரு வரி சேர்த்திருக்கோம். அடுத்த மாச நோட்டுல பார்ப்போம்.